ஸ்கூட்டரில் ஒற்றை இயர்போனில் வழி கேட்டு ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத் தருகிறேன். பழகும்போது யாரும் மேப்பைப் பற்றிக் கேட்பதில்லை. லைசென்ஸ் கைக்கு வந்து, தேவிபட்டினம், கீழக்கரை, ராமேஸ்வரம் என்று தனியாகக் கிளம்பும் நேரத்தில்தான் போன் வருகிறது. கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி பதிலையும் சேர்த்திருக்கிறேன். எல்லாம் நம் கடலோரச் சாலைகளை மனதில் வைத்து எழுதியது.

அக்கா, எந்தக் காதுல மாட்டணும்? வலதா, இடதா?

இடது காதில். வலது காது திறந்தே இருக்க வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், நம்மை முந்துகிற வண்டி வலப்பக்கமாகத்தான் வரும். ஈசிஆரில் ஸ்கூட்டர் எப்படியும் இடது ஓரத்தை ஒட்டித்தான் போகும். பின்னால் வரும் தொண்டி பஸ்ஸோ மீன் லாரியோ ஹாரன் அடித்துக்கொண்டு வலது தோளை உரசுகிற மாதிரி கடக்கும். அந்த ஹாரனும் டயர் சத்தமும் முதலில் வந்து சேர்கிற காதை அடைத்துவிடக் கூடாது.

ஆனால் ஒரு காது திறந்திருப்பதால் எல்லாம் சரியாகிவிடாது. ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும். இடப்பக்கச் சந்திலிருந்து வரும் பைக்கின் ஹாரன்கூட வலப்பக்கம் அடித்த மாதிரி தோன்றும். அதனால் இயர்போன் போட்டு ஓட்டும்போது ஹாரன் கேட்டால் "ஏதோ வருகிறது" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரெண்டு காதுலயும் மாட்டிட்டு சத்தத்தைக் கம்மியா வச்சுக்கிட்டா போதாதா?

போதாது. காதுக்குள் இறங்கி அடைக்கிற ரப்பர் வைத்த இயர்போன், பாட்டே ஓடாவிட்டாலும் வெளிச்சத்தத்தைக் குறைக்கும். அதன் மேல் ஹெல்மெட்டும் இருக்கிறது. வெளிச்சத்தத்தை அமுக்குகிற வசதி உள்ள இயர்போன் என்றால் இன்னும் மோசம். அந்த வசதி முதலில் அமுக்குவது பஸ் இன்ஜின் உறுமல் மாதிரியான தாழ்ந்த சத்தங்களைத்தான். ஒற்றைக் காதில் போட்டாலும் அதை அணைத்து வையுங்கள்.

இது சட்டப்படி சரியா? போலீஸ் பிடிச்சா என்ன சொல்றது?

ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதல் என்ற கணக்கில் சேர்க்கிறது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வழி காட்டுவதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கெடாத வகையில் இருக்க வேண்டும் என்கிறது. எனவே போன் ஸ்டாண்டிலோ பாக்கெட்டிலோ இருந்து வழி சொல்வது வேறு, அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது வேறு.

காதில் இயர்போனைப் பார்க்கும் காவலருக்கு, நீங்கள் வழி கேட்கிறீர்களா, பாட்டுக் கேட்கிறீர்களா, பேசுகிறீர்களா என்று தெரியாது. நிறுத்தினால் ஓரமாக நிறுத்தி, இயர்போனைக் கழற்றி, மேப் ஓடுவதைக் காட்டுங்கள். அப்படியும் அபராதம் என்றால் நடுரோட்டில் வாதாட வேண்டாம். "கவனம் கெடாத வகையில்" என்ற சொல்லை அங்கே நிற்கும் காவலர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

என்ன மாதிரி இயர்போன் நல்லது? ஹெல்மெட் போட்டா காது வலிக்குது, இல்லாட்டி கழன்டு விழுது.

காதின் வாயில் சும்மா உட்காருகிற, ரப்பர் இல்லாத பழைய வகை இயர்போன்தான் என் தேர்வு. அது அடைக்காது, அதனால் இடது காதுக்கும் கொஞ்சம் வெளிச்சத்தம் போகும். ஹெல்மெட் மாட்டும்போது அதன் உள்பஞ்சு இயர்போனை இழுத்துக்கொண்டு போகிறதுதான் தொந்தரவு. ஹெல்மெட்டின் இரண்டு பக்க வாரையும் வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்துக்கொண்டு தலையில் இறக்குங்கள், இழுக்காது. வயர் உள்ளதென்றால் சட்டைக்கோ துப்பட்டாவுக்கோ உள்ளே விட்டு, தலையை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். வயர் இழுத்தால் தோளுக்குப் பின்னால் பார்க்கத் தயங்குவீர்கள். பயன்படுத்தாத வலது முனை ஆடிக்கொண்டிருக்கக் கூடாது, அதையும் உள்ளே விடுங்கள்.

புளூடூத் ஒற்றை இயர்போனும் சரிதான், ஆனால் ஒரு குறை உண்டு. சத்தம் இல்லாதபோது அது அரைத்தூக்கத்துக்குப் போய்விடும். மேப் பேசத் தொடங்கும்போது விழித்துக்கொள்வதற்குள் முதல் சொல் விழுங்கப்படும். மேப் தூரத்தை முதலில் சொல்வதால் "...மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று மட்டும் கேட்கும். இருநூறா ஐந்நூறா என்று தெரியாமல் உடனே பிரேக் பிடிக்கிறவர்கள் உண்டு. உங்கள் இயர்போன் இப்படிச் செய்கிறதா என்று வீட்டுத் தெருவில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். செய்தால், தூரம் கேட்காத அறிவிப்பை "இனிமேல் ஒரு திருப்பம் வரும்" என்று மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அது நழுவும்போது கை தானாக ஹேண்டிலை விட்டு மேலே போகும்.

அம்பதுக்கு மேல போனா ஒண்ணுமே கேக்கல. வால்யூமைக் கூட்டிக்கலாமா?

கூட்ட வேண்டாம். உங்களுக்குக் கேட்காமல் போவது காற்றின் இரைச்சலால். வேகம் கொஞ்சம் கூடினாலே அந்த இரைச்சல் வெகுவாகக் கூடிவிடும். அதைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு இயர்போனைக் கூட்டினால் ஹாரனுக்கு இடமில்லாமல் போகும். அதே சத்தத்தோடு ஊருக்குள் வந்து வேகம் குறையும்போது காதுக்குள் கத்துகிற மாதிரி இருக்கும், ஒவ்வொரு அறிவிப்புக்கும் உடம்பு தூக்கிப்போடும்.

நான் சொல்லிக்கொடுக்கும் அளவு இது. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓட, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மேப்பைப் பேச விடுங்கள். அது பேசும்போதே பக்கத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் சொல்வதும் உங்களுக்குப் புரிய வேண்டும். புரிந்தால் அதுதான் அளவு. ஓடும்போது அந்த அளவில் வழி கேட்கவில்லையென்றால், நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று பொருள். முகக்கண்ணாடியை இறக்கிவிட்டாலும் வாரை இறுக்கினாலும் இரைச்சல் கொஞ்சம் குறையும்.

"இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்"னு சொன்ன உடனே என்ன பண்ணணும்? எனக்குப் பதற்றமாயிடுது.

பதற்றம் நியாயமானதுதான். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போவதை எடுத்துக்கொள்வோம். வடக்கே போகிறோம், கடல் வலப்பக்கம். நவபாஷாணக் கோவிலுக்கு ஈசிஆரிலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். அது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். 200 மீட்டர் என்பது 14 நொடி. மேப் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே நாலு நொடி ஆகிவிடும், அதற்குள் 50 மீட்டருக்கு மேல் கடந்திருப்பீர்கள். கையில் மிச்சம் இருப்பது பத்து நொடி.

அந்தப் பத்து நொடியில் முதல் வேலை வலது கண்ணாடி. திருப்பம் எங்கே என்று முன்னால் தேடுவது இரண்டாவது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குரல் கேட்டதும் கண் முன்னால் விலக்கைத் தேட ஓடிவிடுகிறது, கை தானாக வேகத்தைக் குறைக்கிறது, பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாது. அதனால் குரல் கேட்டதும் கண்ணாடி என்று பழகிக்கொள்ளுங்கள். குரல் என்ன சொன்னது என்பது புரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் எதுவும் இல்லையென்றால் இண்டிகேட்டர் போட்டு, வேகத்தை மெல்லக் குறைத்து, சாலையின் நடுப்பக்கமாக நகர்ந்து, திரும்புவதற்கு முன் வலது தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்து, எதிரே வருவதையும் பார்த்துத் திரும்புங்கள்.

கண்ணாடியில் பஸ் தெரிகிறதா? அப்படியென்றால் வலப்பக்கம் நகரவே வேண்டாம். நீங்கள் வேகம் குறைப்பதைப் பார்த்த பஸ் டிரைவர் முந்தத்தான் நினைப்பார், அவர் வலப்பக்கம் எடுக்கும் அதே நொடியில் நீங்களும் வலப்பக்கம் திரும்பினால் நேராக அவர் முன்னால் போய் நிற்பீர்கள். இந்தச் சாலையில் வலது திருப்பத்தில் நான் அஞ்சுவது இதைத்தான். இண்டிகேட்டர் போட்டிருந்தாலும் வெயிலில் அது எவ்வளவு தெரியும் என்று நம்ப முடியாது. இடது ஓரத்தில் மண் பாதைக்கு இறங்கி, காலை ஊன்றி நில்லுங்கள். பஸ் போகட்டும். அதன் பின்னால் ஒட்டி வரும் காரும் போகட்டும். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைக் குறுக்கே கடந்து விலக்குக்குள் போங்கள். மேப் அதற்குள் நாலு தடவை பேசும், பேசட்டும்.

வலது காதைத் திறந்து வைக்கச் சொன்னது இந்த இடத்துக்காகத்தான். கண்ணாடியில் படாத கோணத்தில் வருகிற பைக்கின் ஹாரன் அந்தக் காதில் விழுந்தால், பாதி திரும்பிய ஹேண்டிலையும் நேராக்கிக்கொள்ளலாம்.

திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிட்டேன்னா? டக்குன்னு பிரேக் போட்டுத் திரும்பிடலாம்ல?

விட்டுவிடுங்கள், நேராகப் போங்கள். மேப் சில நொடிகளில் வேறு வழி போட்டுக்கொள்ளும். கடலோரத்தில் அடுத்த திருப்பம் தூரமாக இருக்கலாம், அதிகம் போனால் சில நிமிடம் வீணாகும். சாலை நேராக, இரண்டு பக்கமும் தொலைவு வரை தெரிகிற இடத்தில், மேலே சொன்ன மாதிரி இடது ஓரம் நின்று கடந்து திரும்பி வரலாம்.

இன்னொன்று, போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்பின் காட்டும். இரண்டு சந்துகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில், உதாரணமாகக் கீழக்கரைக்குள், "இப்போது திரும்பவும்" என்று குரல் சொல்லும்போது நீங்கள் முதல் சந்தையே தாண்டியிருக்கலாம். அங்கே குரலை நம்பித் திடீரென்று ஒடிக்காமல், வேகத்தை நன்றாகக் குறைத்து, கண்ணில் தெரிகிற சந்தில் திரும்புங்கள்.

குரல் சொல்ற ஊர் பேரே புரியல. விலக்கு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிளம்புமுன் மேப்பை ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்த்து, திருப்பங்களை எண்ணுங்கள். நம் கடலோரத்தில் ஒரு பயணத்துக்கு முக்கியமான திருப்பங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கண்ணில் படுகிற ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்திலிருந்து சேதுக்கரை என்றால், கீழக்கரை ரோட்டில் திருப்புல்லாணி, அங்கே கோவில் கோபுரம், பிறகு கடலைப் பார்த்துத் திரும்புகிற ரோடு. இவ்வளவு மனதில் இருந்தால், குரல் சொல்வது ஏற்கனவே தெரிந்ததை நினைவுபடுத்துவதாக ஆகிவிடும். புதிதாக ஒன்றைக் கேட்டுப் புரிந்துகொள்வதைவிட, தெரிந்ததை ஆமோதிக்க மிகக் குறைந்த கவனமே போதும்.

புரியவில்லையென்றால் டீக்கடை ஓரம் நிறுத்திக் கேளுங்கள். மேப்புக்குத் தெரியாத முக்கும் விலக்கும் அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

பாம்பன் பாலத்துலயும் தனுஷ்கோடி ரோட்லயும் கூட மாட்டிக்கிட்டே போகலாமா?

கழற்றிவிடுங்கள். உச்சிப்புளி தாண்டி மண்டபம், பாலம், பாம்பன் என்று ஒரே நெடுஞ்சாலைதான். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கும் அப்படியே. குரலுக்கு அங்கே வேலையே இல்லை. மேப் திரையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் முழுப்பேச்சு, எச்சரிக்கை மட்டும், அமைதி என்று மாறும். நிறுத்தி, அமைதியில் வைத்துவிட்டுப் பாலம் ஏறுங்கள்.

காதைத் திறந்து வைப்பதற்கு அங்கே தனிக் காரணம் உண்டு. ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்று, ராமேஸ்வரம் போகும்போது உங்கள் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். திறந்திருக்கிற வலது காது முழுக்கக் காற்றுதான் இருக்கும், ஹாரன் கேட்காது. காற்றுக்கு மறைவான இடது காதில்தான் மற்ற சத்தங்கள் கொஞ்சமாவது விழும், அதிலும் இயர்போன் வைத்திருந்தால் இரண்டு காதும் போயிற்று. போதாததற்கு, முன்னால் போகிறவர்கள் கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்கத் திடீரென்று வண்டியை நிறுத்துவார்கள். கைக்கும் கண்ணுக்கும் போதுமான வேலை அங்கே இருக்கிறது. தனுஷ்கோடி பக்கம் சிக்னலும் நம்ப முடியாதது, தேவையென்றால் மேப்பை ஊரிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

வழி கேக்கும்போது நடுவுல கால் வந்தா எடுத்துப் பேசலாமா? கைதான் சும்மா இருக்கே.

கூடாது. வழி சொல்லும் குரல் ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்திவிடும், பதில் கேட்காது. போனில் இருப்பவர் பதில் கேட்பார், நீங்கள் பதில் யோசிக்கிற நேரத்தில் ஆடு குறுக்கே வந்திருக்கும். கிளம்புமுன் போனைத் தொந்தரவு செய்யாதே நிலையில் போடுங்கள். சில இயர்போன்கள் அழைப்பைத் தானாகவே எடுக்கும்படி அமைத்திருக்கும், அதையும் நிறுத்துங்கள். பாட்டும் வேண்டாம்: பாட்டுக்காகக் கூட்டிய சத்தத்தில்தான் வழியும் பேசும்.

நான் கவனமாத்தான் ஓட்டுறேன்னு நினைக்கிறேன். கவனம் போனா எனக்கு எப்படித் தெரியும்?

கேட்க வேண்டிய கேள்வி இது. கவனம் போகும்போது போகிறது என்று தெரியாது, ஆனால் அடையாளங்கள் இருக்கும். குரல் பேசி முடித்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: இப்போது என் பின்னால் வருவது என்ன வண்டி? உடனே பதில் வந்தால் சரி. கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது என்றால், அந்த நாலு நொடி சாலையில் நீங்கள் இல்லை.

வேறு அடையாளங்களும் உண்டு. குரல் வரும் ஒவ்வொரு தடவையும் காரணமில்லாமல் வேகம் குறையும். ஸ்டாண்டில் போன் இருந்தால், கேட்டதைச் சரிபார்க்கக் கண் திரைக்குப் போகும். வேகத்தடை வந்ததே தெரியாமல் ஏறி இறங்குவீர்கள். இதில் ஏதாவது இரண்டு மூன்று தடவை நடந்தால், ஓரம் நிறுத்தி இயர்போனைக் கழற்றி, அடுத்த இரண்டு திருப்பத்தை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புங்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம், சந்தை நாள், இருட்டு, மழை என்றால் இந்த அடையாளங்களுக்குக் காத்திருக்காமலே கழற்றுங்கள்.

எனக்கு வலது காது சரியாக் கேக்காது. நான் என்ன செய்யட்டும்?

நீங்கள் இயர்போன் போடவே வேண்டாம். இடது காதில் போட்டால் கேட்கிற ஒரே காதும் போய்விடும். கேட்காத காதில் போட்டுப் பயனில்லை. இடது காது கேட்காதவர்களுக்கும் இதே பதில்தான்.

தனியாகப் போகும்போது, போனை ஸ்டாண்டில் வைத்து ஸ்பீக்கரில் பேச விடலாம், ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அது கேட்கும். ஈசிஆரில் கேட்காது, அங்கே திருப்பங்களை எண்ணி மனதில் வைத்து, சந்தேகம் வரும்போது நிறுத்திப் பாருங்கள். பின்னால் யாராவது உட்கார்ந்து வந்தால் போனை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலது தோளில் இரண்டு தட்டு, இடப்பக்கம் என்றால் இடது தோளில், திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே. இதைக் கிளம்புமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தட்டு வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையும் கண்ணாடி பார்ப்பதுதான்.